இருப்பு 300, பற்றாக்குறை இல்லை: வேலூர்ப் பக்கத்துச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டச் செய்தியாளர் நண்பர்களுக்கு,

வணக்கம். மாவட்டம் மூன்றாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்கு இன்னும் எல்லாம் வடஆற்காடுதான். அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைத்தெருவில் பார்ப்பவர்களுக்கு இன்றும் ‘கம்பவுண்டர் சார்’. பணிக்காலத்தில் பாதி கவுன்டரில் போனது, பாதி ஸ்டோரில் இருப்புப் பதிவேடு எழுதுவதில் போனது.

அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்று நீங்கள் அடிக்கடி எழுதுகிறீர்கள். காலி ரேக் படம் ஒன்று, வரிசையில் நிற்கும் பாட்டி படம் ஒன்று, ‘நோயாளிகள் அவதி’ என்று தலைப்பு. மறுநாள் மறுப்பு வருகிறது: ‘அனைத்து மருந்துகளும் போதிய அளவு இருப்பில் உள்ளன’. அதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. படிப்பவர்கள் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல சமயம் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பதிவேட்டில் மருந்து இருக்கும், நோயாளி கையில் இருக்காது. இது எப்படி நடக்கிறது என்பதை நான் பதிவேடு எழுதிய கையால் சொல்கிறேன். நடந்த ஊரையும் மருத்துவமனையையும் சொல்லப்போவதில்லை. எண்களையும் கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழுமையாக்கியிருக்கிறேன்.

மருந்தின் பெயர் ஃபெனிடோயின், 100 மி.கி. மாத்திரை. வலிப்புக்குக் கொடுப்பது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. ஆகவே ஒருவருக்கு மாதம் 90, பத்து மாத்திரை அட்டையாக ஒன்பது அட்டை. எங்கள் மருத்துவமனையில் மாதாமாதம் வந்து வாங்குகிறவர்கள் 60 பேர் இருந்தார்கள். அறுபதைத் தொண்ணூறால் பெருக்கினால் 5,400. ஒழுங்கான மாதத்தில் பதிவேட்டின் ‘வழங்கியது’ பத்தியில் இந்த எண்தான் ஏறத்தாழ இருக்கும்.

ஒரு மாதம் இருப்பு 900-இல் வந்து நின்றது. 6,000 கேட்டு இன்டென்ட் போட்டேன். வந்தது 1,500. ஆக கையில் 2,400. அறுபது பேருக்கு ஆளுக்கு 90 கொடுத்தால் இருபத்தாறு பேரோடு ஏறக்குறையத் தீர்ந்துவிடும், மீதிப் பேர் வெறுங்கையோடு போக வேண்டும். என்ன செய்வீர்கள்? நான் செய்ததைத்தான் எந்த மருந்தாளுநரும் செய்வார். மருத்துவர் முப்பது நாளைக்கு எழுதிய சீட்டுக்குப் பத்து நாளைக்கு, 30 மாத்திரை கொடுத்து, ‘அடுத்த வாரம் வாங்க, வந்துடும்’ என்று சொல்லி அனுப்பினேன். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு என்று 300 மாத்திரையை எடுத்துத் தனியாக வைத்தேன். பகிர்ந்து கொடுப்பதுதான் நியாயம் என்று அன்று முழு மனதோடு நம்பினேன்.

மாதக் கடைசியில் பதிவேடு இப்படி இருந்தது: ஆரம்ப இருப்பு 900, வரவு 1,500, வழங்கியது 2,100, இருப்பு 300. ஒரு நாள்கூட இருப்புப் பத்தியில் பூஜ்யம் விழவில்லை. அந்த மாதம் ஒரு நிருபர் வந்து பெரிய டாக்டரிடம் கேட்டிருந்தால், அவர் பதிவேட்டைத் திறந்து ‘பாருங்க, 300 இருக்கு, பற்றாக்குறை எங்கே?’ என்றிருப்பார். பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது கவுன்டர் நோட்டைப் பார்ப்போம். நாள்பட்ட நோய்க்காரர்களுக்கு ஓ.பி. எண்ணையும் கொடுத்த எண்ணிக்கையையும் எழுதி வைக்கும் நோட்டு அது. அந்த மாதம் 70 முறை கொடுத்திருக்கிறோம். 2,100-ஐ 70-ஆல் வகுத்தால் சீட்டுக்கு 30. முந்தின மாதம் 5,400-ஐ 60-ஆல் வகுத்தால் சீட்டுக்கு 90. தொண்ணூறு முப்பதானதுதான் செய்தி. இருப்பு 300 செய்தியே இல்லை. நீங்கள் எந்த மருந்தை எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்கள்: ஒரு சீட்டுக்குச் சராசரியாக எத்தனை மாத்திரை போனது, அது எந்த மாதத்திலிருந்து குறைந்தது.

அந்த எழுபது முறையிலும் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வந்தவர்கள் 45 பேர்தான். அவர்களில் 25 பேர் இரண்டு தடவை வந்திருக்கிறார்கள். மீதி 15 பேர் வரவே இல்லை. ஓ.பி. எண்களை முந்தின மாதத்தோடு ஒப்பிட்டால்தான் இது தெரியும். அந்தப் பதினைந்தில் பெரும்பாலோர் மலைப்பக்கத்து ஊர்க்காரர்கள். பத்து நாள் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி வருவதா என்று நின்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மைக்கை நீட்டும் நிருபருக்கு இந்தப் பதினைந்து பேர் கிடைக்கவே மாட்டார்கள். வாசலில் இருப்பவர்கள் வந்தவர்கள்தானே.

நாள் கணக்காகப் பார்த்தால் அறுபது பேருக்கு முப்பது நாள் என்பது 1,800 நாள் மருந்து. நாங்கள் கொடுத்தது 700 நாளுக்கு. மீதி 1,100 நாள் என்ன ஆனது? வெளியே காசு கொடுத்து வாங்கியிருக்கலாம், மாத்திரை போடாமல் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பதிவேட்டுக்குத் தெரியாது. அதற்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது கேட்கும் முறையில் ஒரு சின்ன விஷயம். ‘மருந்து கிடைச்சுதா?’ என்று கேட்காதீர்கள். ‘கிடைச்சுது’ என்பார்கள், மூன்று அட்டை கிடைத்ததே. ‘எத்தனை நாளைக்குக் குடுத்தாங்க? எத்தனை அட்டை? காலி அட்டை இருக்கா?’ என்று கேளுங்கள்.

பீடி சுற்றும் அம்மா ஒருவர், மகனுக்காக மாதாமாதம் வருவார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சு வாக்கில் அந்த மாதத்தைப் பற்றிக் கேட்டேன். எழுந்து போய் மாடத்திலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். உள்ளே காலி அட்டைகள், பீடிக்கட்டு கட்டும் நூலால் மாதத்துக்கு ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தார். எண்ணித் தருகிற கை அல்லவா, எல்லாம் கணக்காக இருந்தது. ஒன்பது அட்டைக் கட்டுகள் நடுவே ஒரு கட்டு மட்டும் ஒல்லியாக இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மூன்று அட்டையில் அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருந்தது. இரண்டு அட்டை வேறு கம்பெனி, மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. மொத்தம் 50 மாத்திரை, பதினாறு நாளைக்குக் கொஞ்சம் மேல்.

‘மீதி நாளு?’ என்றேன்.

‘மூணு வேளைய ரெண்டு வேளையா ஆக்குனேன் சார். அப்பவும் பத்தல. அப்புறம் ராத்திரிக்கு மட்டும் குடுத்தேன்’ என்றார்.

மகனுக்கு ஆடி மூன்றாம் வெள்ளியன்று ஃபிட்ஸ் வந்ததாம். தேதி அவருக்குத் தெரியாது. கோயிலில் கூழ் ஊற்றிய நாள் என்பது தெரியும். குழுக் கடன் கட்டும் நாளுக்கு முந்தின நாள் என்பதும் தெரியும். இரண்டையும் காலண்டரில் வைத்துப் பார்த்தால் தேதி வந்துவிடும். நோயாளிகளின் பேச்சில் தேதி இல்லை என்று ஒதுக்காதீர்கள், இப்படிக் கட்டிக்கொள்ளலாம். அந்தத் தேதியை ஓ.பி. சீட்டில் இருக்கும் தேதியோடும் கவுன்டர் நோட்டோடும் பொருத்துங்கள். அட்டையில் இருக்கும் பேட்ச் எண்ணை ஸ்டோர் பதிவேட்டின் வரவுப் பத்தியில் தேடுங்கள். அரசு அட்டையின் பேட்ச் எண் பதிவேட்டில் அதே மாதத்தில் இருந்தால், அந்த அம்மாவின் பேச்சும் காகிதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அப்படி ஐந்தாறு வீடு போதும். ஐம்பது பேரிடம் ‘ஆமா, மருந்தே இல்ல’ என்று பேட்டி வாங்குவதைவிட அது கனமானது.

ஆனால் ஒன்று. ‘மாத்திரை இல்லாததால் வாலிபருக்கு வலிப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ வலிப்பு வரும் வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனால் தூக்கம் கெட்டாலும் வரும், காய்ச்சலிலும் வரும், குடித்தாலும் வரும், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவருக்கும் சில சமயம் வரும். ஒரு ஆளுக்கு, ஒரு நாளில் வந்த வலிப்புக்கு இதுதான் காரணம் என்று பார்த்த மருத்துவரே தயங்கித்தான் சொல்வார். ‘அந்த மாதம் அவருக்கு 90 எழுதி 30 கொடுக்கப்பட்டது, பத்தொன்பதாம் நாள் வலிப்பு வந்தது’ என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அதற்கு மேல் போனால் மறுப்பு அந்த இடத்தைத்தான் பிடிக்கும், மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும்.

பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம். சீட்டைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள், ஓரத்தில் பெயர், வயது, தெரு எல்லாம் தெரிகிறது. 1999 வரை வலிப்பு உள்ளவர்கள் மணம் முடிக்க இந்துத் திருமணச் சட்டமே தடை சொன்னது. சட்டத்தில் எடுத்துவிட்டார்கள், பெண் பார்க்கப் போகிற வீட்டில் எடுக்கவில்லை. அந்த அம்மா என்னிடம் மஞ்சப்பையைக் காட்டும் முன் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சரி, பதிவேட்டுக்கு வருகிறேன். நான் பகிர்ந்து கொடுத்ததால் நடந்த கூத்தை இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதத்துக்கு எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்ய, கடந்த மூன்று மாதம் வழங்கியதன் சராசரியைத்தான் நாங்கள் எடுப்போம். 5,400, 5,400, 2,100. கூட்டி மூன்றால் வகுத்தால் 4,300. தேவை 5,400, ஆனால் காகிதம் 4,300 போதும் என்கிறது. இன்னொரு மாதமும் 2,100-தான் போனால் சராசரி 3,200-க்கு இறங்கிவிடும். யாருக்கும் வலிப்பு குணமாகவில்லை, தேவை மட்டும் காகிதத்தில் சுருங்கிவிட்டது. பற்றாக்குறை தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ளும் வழி இது. இருப்பு பூஜ்யமாக இருந்த நாட்களைக் கழித்துவிட்டுச் சராசரி போட வேண்டும் என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லித்தந்திருக்கிறார்கள். எங்கள் பதிவேட்டில்தான் பூஜ்யமே விழவில்லையே, எதைக் கழிப்பது?

அதே 300 இன்னொரு கதவையும் மூடியது. மேலிருந்து வராத மருந்தை மருத்துவமனையே உள்ளூரில் வாங்கிக்கொள்ள ஒரு சிறு பங்கு பணம் உண்டு, லோகல் பர்ச்சேஸ் என்போம். அதற்குக் கோப்பு எழுதினேன். ‘இருப்பு 300 உள்ளதாகத் தெரிகிறதே?’ என்று ஓரத்தில் ஒரு வரியோடு திரும்பி வந்தது. விளக்கம் எழுதி மறுபடி அனுப்பி, வாங்கி முடிப்பதற்குள் மாதம் போய்விட்டது. அன்று நான் இருபத்தாறு பேருக்கு 90, 90 என்று கொடுத்து, மிச்சம் 60-ஐ அடுத்தவருக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தால், பூஜ்யம் விழுந்து, கோப்பு ஒரே நாளில் நகர்ந்திருக்கும். அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இருபத்தெட்டாவது ஆளின் முகத்தைப் பார்த்து யார் சொல்வது?

இனி, யாரைக் கேள்வி கேட்பது என்பது. காலி ரேக் முன்னால் நிற்கும் மருந்தாளுநரைப் படம் பிடிப்பது சுலபம், ஆள் கண்ணில் படுகிறார். ஆனால் மூன்று காகிதம் பார்க்காமல் அவர் மேல் கை வைக்காதீர்கள். இன்டென்ட் நகல், அதற்கு எதிராக வந்த சரக்கின் ரசீது, மருத்துவமனையின் பாஸ்புக். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளில் பெரும்பகுதியை 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகள் வழியாகத் தருகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் இவ்வளவு ரூபாய்க்கு எடுக்கலாம் என்று ஒதுக்கீடு, அது பாஸ்புக்கில் ஏறும், எடுக்க எடுக்கக் கழியும்.

இன்டென்டில் 6,000 இருந்து ரசீதில் 1,500 இருந்தால் குறை மருத்துவமனையில் இல்லை. இன்டென்டிலேயே 1,500 என்றிருந்தால் கேட்டவரைக் கேளுங்கள், அதுவும் மேலே சொன்ன சராசரியின் வேலையா என்று பார்த்துவிட்டு. பாஸ்புக்கில் பணம் தீர்ந்திருந்தால் அது வேறு கதை. அப்புறம், கிடங்கில் சரக்கு இருந்தும் வராமல் இருப்பதுண்டு. வந்து இறங்கும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, தரம் சரி என்று முடிவு வரும்வரை அந்தப் பேட்சைத் தனியே நிறுத்தி வைப்பார்கள். அது இருக்க வேண்டிய கட்டுப்பாடுதான். ‘கிடங்கில் மூட்டை மூட்டையாக மருந்து முடக்கம்’ என்று அதை எழுதிவிட்டால் நாளைக்குப் பரிசோதனை செய்யாத மாத்திரை வரும். கேட்க வேண்டிய கேள்வி, முந்தின பேட்ச் தீரும் முன்பே அடுத்த பேட்ச் வந்து சோதனை முடிகிற மாதிரி ஆர்டர் போடப்பட்டதா என்பது.

இந்தக் காகிதங்களை யாராவது உள்ளிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அனுப்புகிறவர் வேலையும் போகும், அவர் அனுப்பிய பக்கம் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள் கெடு. ‘மருந்துத் தட்டுப்பாடு உள்ளதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வரும், அதுவும் முப்பதாம் நாள் வரும். ‘முதன்மை இருப்புப் பதிவேட்டில் ஃபெனிடோயின் 100 மி.கி. பக்கங்கள், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, நகல். அதே காலத்துக்கான இன்டென்ட், வரவு ரசீது, லோகல் பர்ச்சேஸ் கோப்பு, நகல். கவுன்டர் நோட்டில் நோயாளி பெயரை மறைத்து நகல்’ என்று கேளுங்கள். ஒரே ஒரு மருந்து, ஆறு மாதம். ‘எல்லா மருந்தும், ஐந்து வருடம்’ என்று கேட்டால் கட்டுக்கட்டாக வரும் அல்லது வரவே வராது.

நகல் மட்டும் போதாது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. இரண்டாவது மாதமும் 1,500-தான் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. பதிவேட்டில் ‘எழுதியது எவ்வளவு’ என்று ஒரு பத்தியே கிடையாது, ‘கொடுத்தது’ மட்டும்தான். அதனால் கவுன்டர் நோட்டின் ஓரத்தில், ஒவ்வொரு பெயருக்கும் நேராக, சின்னதாகப் பென்சிலில் 90 என்று எழுதத் தொடங்கினேன். பேனாவில் எழுதினால் தணிக்கைக்காரர்கள் ‘இது என்ன எண்?’ என்று கேட்பார்கள் என்ற பயம். என்னைப் போல இப்படி ஓரத்தில் எழுதி வைத்த வேறு சிலரையும் எனக்குத் தெரியும். ஜெராக்ஸில் பென்சில் சரியாக விழாது. அதே சட்டத்தின் பிரிவு 2(j) ஆவணத்தை நேரில் பார்த்துக் குறிப்பெடுக்கும் உரிமையையும் தருகிறது. விண்ணப்பத்தில் அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள். ஆஸ்பத்திரி ஸ்டோருக்குள் வெளிச்சம் குறைவாக இருக்கும், நோட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு மருந்தாளுநர்,
வேலூர் மாவட்டம்